ஜூனில் வரைந்த ‘நான்’, மார்ச்சில் வரைந்த ‘நான்’

எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளில் ஆண்டு முடிவில் பெற்றோர் கைக்குப் போகும் ஃபைலைப் பிரித்தால் பெரும்பாலும் அச்சடித்த தாள்களே இருக்கும். மாம்பழம், மயில், தேசியக் கொடி என வண்ணம் தீட்டியவை முப்பது நாற்பது இருக்கும். அம்மா புரட்டிப் பார்த்துவிட்டு, “கோட்டுக்கு வெளியே போயிருக்கே மிஸ்” என்பார். அவர் மேல் குறையில்லை. அந்தத் தாளில் பார்க்க வேறொன்றும் இல்லை. கோடு அச்சகத்துடையது, பிள்ளையுடையது வண்ணம் மட்டும். பிள்ளை எதைக் கவனிக்கிறது, எதை நினைவில் வைத்து வரைகிறது, கை எவ்வளவு தூரம் சொன்னபடி கேட்கிறது என்பதெல்லாம் வெள்ளைத் தாளில்தான் தெரியும்.

அதனால் ஆண்டுக்கோப்பில் பன்னிரண்டு தாள் இருந்தால் போதும். ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் என நான்கு முறை, ஒவ்வொரு முறையும் மூன்று தாள். முதல் தாளில் பிள்ளை தன்னையே வரைகிறது. இரண்டாவதில் தனக்குப் பிடித்த எதையாவது வரைகிறது. மூன்றாவதில் தன் பெயரையும், சொல்ல நினைக்கும் ஒன்றையும் தனக்குத் தெரிந்த மட்டில் எழுதுகிறது. ‘அம்மாவை வரை’ என்று கேட்பதைவிட ‘உன்னை வரை’ என்று கேட்பது நல்லது. அம்மா இல்லாத, அம்மாவைப் பிரிந்திருக்கும் பிள்ளைகளும் வகுப்பில் இருப்பார்கள்.

நான்கு முறையும் எல்லாம் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஜூனில் மெழுகு க்ரேயான், மார்ச்சில் கூர்மையான பென்சில் என்று கொடுத்தால், தெரியும் வித்தியாசத்தில் பாதி பென்சிலுடையதாகிவிடும். கோடில்லாத ஏ4 தாள், கொஞ்சம் தடிமனான பென்சில், பிடித்ததை வரையும் தாளுக்கு க்ரேயான் கொடுத்தால் நான்கு முறையும் அதே க்ரேயான், காலை முதல் பாடவேளை, அதே வார்த்தைகள். நாலைந்து பேரை மட்டும் தனி மேசையில் உட்கார வையுங்கள். முழு வகுப்பும் ஒன்றாக வரைந்தால், நன்றாக வரையும் ஒரு பிள்ளையின் படத்தைப் பார்த்து மேசை முழுக்க அதே பூ பூத்துவிடும். போர்டில் மாதிரி வரைந்து காட்டக் கூடாது. ரப்பரும் வேண்டாம். தப்பென்று நினைத்து மேலே இன்னொரு கோடு போடுகிறதே, அது நமக்கு வேண்டிய சான்று. அழித்துவிட்டால் அது போய்விடும்.

தாளின் முன்பக்கத்தில் ஆசிரியர் எதுவும் எழுதக் கூடாது. டிக், ஸ்டார், சிவப்பு மை எதுவும் வேண்டாம். எழுத வேண்டியதெல்லாம் பின்பக்கம்: தேதி, வயது (ஆண்டும் மாதமும் சேர்த்து), எந்தக் கையால் வரைந்தது, யாராவது உதவினார்களா, எது மேல்பக்கம். கடைசியாகச் சொன்னது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் தாளைச் சுற்றிச் சுற்றி வரையும் பிள்ளையின் படத்தை ஒரு மாதம் கழித்துத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு யோசிக்க நேரும். ஒரு சின்ன அம்புக்குறி போட்டால் அந்தச் சிக்கல் இல்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம், பிள்ளை சொன்னதை அதே வார்த்தையில் குறித்துவைப்பது. ஒரு தாளில் இரண்டு வட்டம், அவற்றின் மேல் ஒரு கோடு, பிறகு தாள் முழுக்கச் சுழற்றிச் சுழற்றிக் கிறுக்கல். பார்ப்பவர் கிறுக்கல் என்றுதான் சொல்வார். பின்பக்கம் திருப்பினால், “இது அப்பா வண்டி. டுர்ருனு சத்தம் வருது” என்று இருக்கிறது. அந்தச் சுழல்கள் எல்லாம் சத்தம். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கோட்டில் காட்டப் பார்த்திருக்கிறது அந்தப் பிள்ளை. இந்த ஒரு வரி இல்லாவிட்டால் அந்தத் தாள் குப்பைக்குப் போயிருக்கும். வரைந்து முடித்த உடனேயே “இதைப் பத்திச் சொல்லு” என்று கேட்க வேண்டும். மதியம் கேட்டால் அதே படத்துக்கு வேறு கதை வரும். “இது என்ன?” என்ற கேள்வி வேண்டாம். அதற்குப் பிள்ளைகள் நமக்குப் பிடித்த பதிலைத் தேடுவார்கள்.

கோப்பை எப்படிப் படிப்பது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. யு.கே.ஜி. பிள்ளை, பெயர் கயல்விழி என்று வைத்துக்கொள்வோம். ஜூனில் அவளுக்கு 4 வயது 10 மாதம்.

ஜூன் தாளில் ஒரு பெரிய வட்டம், உள்ளே இரண்டு புள்ளி, வட்டத்திலிருந்தே இறங்கும் இரண்டு கோடு. உடம்பே இல்லாமல் தலையிலிருந்து கால் வருகிறது. தவளைக்குஞ்சு மாதிரி இருக்கும் இந்த உருவத்தைப் பிள்ளைகள் மூன்று, நான்கு வயதில் வரையத் தொடங்குவார்கள், கொஞ்சம் தாண்டியும் வரைவார்கள். உடம்பு இருப்பது அவளுக்குத் தெரியும். முகமும் காலும் அவளுக்கு முதலில் வந்தன, அவ்வளவுதான். பெயர் எழுதிய தாளில் பெரிய ‘க’, அடுத்து இடவலம் மாறிய ‘ய’, பிறகு மூன்று குச்சி. குச்சிகளை அலட்சியம் செய்யக் கூடாது. தன் பெயர் இரண்டெழுத்தோடு முடிவதில்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

செப்டம்பரில் தலைக்குக் கீழே இரண்டாவது வட்டம் வந்துவிட்டது. அதிலிருந்து கைகள், கை நுனியில் வைக்கோல் வாரி மாதிரி ஏழெட்டு விரல். பெயர் ‘கயவி’. ‘ய’ நேராகியிருக்கிறது. ஏழு வயது வரைக்கும் எழுத்து இடவலம் மாறுவது சாதாரணம் என்பதால், ஜூனில் அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டிருக்க வேண்டியதில்லை.

டிசம்பர் தாள்தான் பெற்றோரைக் கலங்க வைக்கும். உருவம் சின்னதாக ஒரு மூலையில், இடுப்புக்குக் கீழே கறுப்பாகக் கிறுக்கி மூடியிருக்கிறது. செப்டம்பரைவிட மோசம் என்றே தோன்றும். பின்பக்கக் குறிப்பைப் பாருங்கள்: “பாவாடை வரல, அதான் மூடிட்டேன்.” வட்டமும் கோடும் போட்டு வந்த கை, சாய்ந்த கோடுகளைச் சேர்த்து முக்கோணம் போடப் பார்த்துத் தோற்றிருக்கிறது. பார்த்து முக்கோணம் வரைவது ஏறக்குறைய ஐந்து வயதில்தான் கைகூடும். புதிதாக ஒன்றை முயலும்போது பழையதும் கொஞ்சம் குலையும். கோப்பில் நல்ல படங்களை மட்டும் பொறுக்கி வைக்கிற ஆசிரியர் இந்தத் தாளை எடுத்துவிடுவார். அப்போது மார்ச் தாளில் இருக்கும் பாவாடை எங்கிருந்து வந்தது என்பதே தெரியாமல் போகும். டிசம்பரில் பெயர் ‘கயலவிழி’. காணாமல் போயிருந்த ‘ல’ வந்துவிட்டது, புள்ளிதான் இன்னும் வரவில்லை. அவள் ‘ல்’ ஒலியைக் காதில் பிரித்துக் கேட்கத் தொடங்கிவிட்டாள் என்பது இதில் தெரிகிறது.

மார்ச்சில் முக்கோணப் பாவாடை, இரட்டைச் சடை, கைக்கு ஐந்து விரல், காலடியில் ஒரு தரைக்கோடு. பெயர் முழுதாக, புள்ளியோடு. அதன் கீழே அவளே எழுதிய வரி: ‘மழ பேஞ்சுது நா நனஞ்சேன்’. இதில் ‘பே’, ‘சே’ இரண்டிலும் கொம்பு எழுத்துக்கு வலப்பக்கம் நிற்கிறது. உடனே சிவப்புப் பேனாவைத் தேடத் தோன்றும். காதுக்கு ‘ப்’ முதலில் கேட்கிறது, ‘ஏ’ பிறகு. கேட்ட வரிசையிலேயே அவள் எழுதியிருக்கிறாள். கொம்பை முன்னால் போடுவது கண்ணால் பார்த்துப் பழக வேண்டிய வழக்கம். ‘மழை’யை ‘மழ’ என்று எழுதியதும் வீட்டில் பேசுகிறபடிதான். எழுத்துப்பிழையாகத் தெரியும் இந்த வரியில், பார்த்து எழுதாமல் தன் பேச்சைத் தானே எழுத்தாக்கும் திறமை வந்திருக்கிறது. கொம்பையும் ‘ழை’யையும் பாடவேளையில் சொல்லித்தரலாம், இந்தத் தாளில் கைவைக்க வேண்டாம். ‘மழை பெய்தது’ என்று போர்டைப் பார்த்து அழகாக எழுதிய பத்து வரியை இதன் பக்கத்தில் வைத்தால், அந்தப் பத்து வரி கையெழுத்தைப் பற்றி மட்டுமே சொல்லும்.

பெற்றோரோடு பேச ஒரு குடும்பத்துக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஃபைலை அப்படியே கையில் கொடுக்காமல் ஜூன் தாளையும் மார்ச் தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதலில் அவர்களைப் பார்க்க விடுங்கள். விரலோ சடையோ, ஏதாவது ஒன்றை அவர்களே கண்டுபிடித்துச் சொல்வார்கள். அதற்குப் பிறகு செப்டம்பர், டிசம்பர் தாள்களை நடுவில் வைத்து எப்படி வந்தது என்று காட்டுங்கள். அடுத்த பிள்ளையின் கோப்பு கண்ணில் படும் தூரத்தில் இருக்கக் கூடாது. பட்டால், பேச்சு அந்தப் பிள்ளையைப் பற்றியதாகிவிடும்.

ஒரு கேள்வி தவறாமல் வரும்: “கறுப்புலயே வரையறா, மனசுல ஏதாவது இருக்கா?” நிறத்தையும் உருவத்தின் அளவையும் வைத்துப் பிள்ளையின் மனத்தைக் கணிக்க முடியாது. கைக்கு எட்டிய க்ரேயான் கறுப்பாக இருந்திருக்கலாம், கறுப்பு அழுத்தமாகப் பதிவதால் பிடித்திருக்கலாம். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லி அனுப்பினால், வீட்டில் பிள்ளைக்கு விசாரணை நடக்கும்.

கோப்பு நோயைக் கண்டுபிடிக்கும் கருவியும் இல்லை. ஆனாலும் சிலவற்றைப் பேசாமல் விடக் கூடாது. ஐந்து வயதாகியும் நான்கு தாளிலும் ஒரு வட்டம்கூட மூடவில்லை, பட்டன் போடவும் ஸ்பூன் பிடிக்கவும் சேர்த்தே சிரமப்படுகிறது என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டச் சொல்லலாம். செப்டம்பரில் நன்றாகச் செய்துகொண்டிருந்ததை அடுத்தடுத்த தாள்களில் தொடர்ந்து இழந்துகொண்டே வந்தால், காத்திருக்காமல் சொல்ல வேண்டும். டிசம்பர் கயல்விழியைப் போல் ஒருமுறை குலைந்து திரும்பி வருவது இதில் சேராது.

பாதுகாப்பதில் கெட்டுப்போவது பெரும்பாலும் அவசரத்தால்தான். பஞ்ச் செய்யும்போது ஓட்டை சரியாகப் படத்தின் கையில் விழும். அதனால் தாளைக் கொடுக்கும் முன்பே பஞ்ச் செய்துவிடுங்கள். ஸ்டேப்ளர் பின் ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்துத் தாளில் கறை இறங்கும், நூல் கோத்த ஃபைல் நல்லது. பிடித்த பொருளை வரைந்த தாளில் மெழுகு க்ரேயான் இருந்தால் நடுவில் ஒரு வெற்றுத்தாள் வையுங்கள், இல்லாவிட்டால் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். லேமினேட் செய்தால் கோட்டின் அழுத்தம் தெரியாமல் போகும். பென்சில் தாளின் மறுபக்கம் வரை பதிந்திருக்கிறதா, இழையாக ஓடியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பதும் கோப்பைப் படிப்பதில் ஒரு பகுதி.

மூலத் தாள்கள் பெற்றோரிடம் போகட்டும். மார்ச் மாத மூன்று தாளை மட்டும் முன்பக்கமும் பின்பக்கமும் நகலெடுத்து ஒன்றாம் வகுப்பு ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். ஜூனில் அவர் கொம்பிலிருந்து தொடங்கலாம்.