கூட்டுத்தொகை நகரவில்லை என்றால் முதலில் நோட்பேடைத் திறங்கள்

போன மாம்பழ சீசனில் ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். காவேரிப்பட்டணம் பக்கத்து மண்டி ஒன்றிலிருந்து கணக்கு எழுதும் பெண் போன் செய்தார். "அண்ணா, காலையில வந்த லோடை ஏத்துறேன், கீழ டோட்டல் அப்படியே நிக்குது. எக்செல் ஹேங் ஆயிடுச்சா?"

நான் கிருஷ்ணகிரியில் பதினெட்டு வருஷமாகக் கணக்கும் கம்ப்யூட்டர் சர்வீஸும் சேர்த்துப் பார்க்கிறவன். எடை போட்டும் டோட்டல் நகரவில்லை என்றால், பெரும்பாலும் அந்தக் கட்டத்தில் இருப்பது ஃபார்முலா இல்லை, வெறும் எண் என்று அர்த்தம். F12 தட்டி, Save as type என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். .csv என்றார். "சரிம்மா, இனிமேல் எதையும் சேவ் பண்ணாதே, வர்றேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

நடந்தது இதுதான். முந்தின நாள் சாயங்காலம் ஆடிட்டர் ஆபீஸில் சிஎஸ்வி, அதாவது கமா போட்டுப் பிரித்த வெறும் எழுத்து ஃபைல், கேட்டிருக்கிறார்கள். இவர் Save As போய் CSV (Comma delimited) என்று கொடுத்து மெயிலில் அனுப்பிவிட்டார். நடுவில் எக்செல் எச்சரித்திருக்கிறது. ஓகே தட்டிவிட்டார், எல்லோரும் செய்வதுதான். அப்புறம் பென் டிரைவில் ஒரே பெயரில் இரண்டு ஃபைல் தெரியவே, குழப்பம் வேண்டாம் என்று பழையதை அழித்துவிட்டார். அந்தப் பழையதுதான் .xlsx. பென் டிரைவில் அழிப்பது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, நேராகப் போய்விடும்.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் பாதிப் பேருக்கு வேலை இந்த இடத்திலேயே முடிந்துவிடும். Save As கொடுத்தால் பழைய ஃபைல் மாறுவதில்லை, பக்கத்தில் புதிதாக ஒன்று உருவாகிறது. அசல் .xlsx கடைசியாகச் சேவ் செய்த நிலையில் அங்கேயே இருக்கும். விண்டோஸ் வழக்கமாக .xlsx, .csv என்ற வால் பகுதியைக் காட்டாததால் இரண்டும் ஒன்றுபோலத் தெரிகின்றன. ஃபோல்டரில் View மெனுவுக்குள் போய் File name extensions என்பதை டிக் செய்தால் எது எது என்று தெரிந்துவிடும்.

அதைவிட எளிது, எக்செலை இன்னும் மூடாமல் இருப்பது. சிஎஸ்வியாகச் சேவ் செய்த பிறகும் திறந்திருக்கும் ஜன்னலில் ஃபார்முலா, நிறம், மற்ற ஷீட்டுகள் எல்லாம் அப்படியே உயிரோடு இருக்கும். சிஎஸ்விக்குப் போனது திரையிலிருந்த அந்த ஒரு ஷீட்டின் எழுத்து வடிவம் மட்டும்தான். F12 தட்டி, Excel Workbook என்று தேர்ந்தெடுத்துச் சேவ் செய்தால் ஒன்றும் போகாது. ஷீட்டின் பெயர் மட்டும் ஃபைல் பெயருக்கு மாறியிருக்கும், அதைத் திருத்திக்கொள்ளலாம்.

இந்தப் பெண் மூடியும் விட்டார், அழித்தும் விட்டார். Recover Unsaved Workbooks போய்ப் பார்த்தேன், காலி. சேவ் செய்யாமல் மூடியதைத்தான் அது வைத்திருக்கும். ஒழுங்காகச் சேவ் செய்தவருக்கு அதனால் பிரயோஜனமில்லை. அழிந்ததை மீட்கும் மென்பொருளும் கைகொடுக்கவில்லை, காலையிலிருந்து அதே பென் டிரைவில் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

அடுத்து அந்த சிஎஸ்வியை எக்செலில் திறக்காமல் நோட்பேடில் திறந்தேன். இதைத்தான் எல்லோரிடமும் சொல்கிறேன். எக்செல் காட்டுவது அது புரிந்துகொண்டதை. ஃபைலில் உண்மையில் என்ன இருக்கிறது என்பதை நோட்பேடுதான் காட்டும். வங்கிக் கணக்கு எண் இருக்க வேண்டிய இடத்தில் 1.23457E+14 என்கிற மாதிரி வரிசையாக நின்றது. ஆனால் அவர் தன் ஃபைலில் அந்தப் பத்தியை முழு எண்ணும் தெரியும்படிதான் வைத்திருந்தாராம். அப்படியென்றால் முதல் சேவில் பதினைந்து இலக்கமும் சரியாகத்தான் போயிருக்க வேண்டும். கெட்டது எப்போது?

காலையில். சிஎஸ்வியில் பத்தி எப்படித் தெரிய வேண்டும் என்ற குறிப்பு எதுவும் இருக்காது. அதை டபுள் கிளிக் செய்து திறந்ததும், பதினோரு இலக்கம் தாண்டிய எண்ணையெல்லாம் எக்செல் தானாகவே இந்த E வடிவத்தில் சுருக்கிக் காட்டும். மறுபடி Ctrl+S தட்டினால் திரையில் தெரியும் அந்தச் சுருக்கம்தான் ஃபைலில் எழுதப்படும். கணக்கு எண்ணின் முன்னால் இருக்கும் பூஜ்யம் உதிர்வதும், 5-6 என்ற லாட் எண் ஜூன் மாதத் தேதியாவதும் இப்படியே. முதல் சேவ் ஃபார்முலாவை அழிக்கிறது, கணக்கு எண்களைக் கெடுப்பது இரண்டாவது சேவ்.

நல்லவேளை, முதல் சேவின் பிரதி ஒன்று வெளியே இருந்தது, ஆடிட்டருக்குப் போன மெயிலில். Sent பெட்டியிலிருந்து அதை இறக்கி நோட்பேடில் பார்த்தால் கணக்கு எண்கள் அத்தனையும் முழுசாக இருந்தன. அந்த நேரத்தில் ஆடிட்டர் ஆபீஸிலிருந்தே போன் வந்தது, பெயரெல்லாம் கேள்விக்குறியாக இருக்கிறதே என்று.

தமிழில் கணக்கு வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். CSV (Comma delimited) என்ற வகைக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறி போட்டுவிடும். முருகன் என்றால் ஏழு கேள்விக்குறி, ஏனென்றால் உகரக் குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். இப்படிப் போனது அந்த ஃபைலிலிருந்து திரும்பாது. à® என்று அலங்கோலமாகத் தெரிந்தால் மட்டும் பயப்பட வேண்டாம். எழுத்து உள்ளே பத்திரமாக இருக்கிறது, படிக்கும் முறைதான் தவறு. சேவ் செய்யும்போது CSV UTF-8 என்பதைத் தேர்ந்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. மண்டியில் விவசாயிகளின் பாஸ்புக் ஜெராக்ஸ் ஒரு கோப்பில் இருந்தது. கணக்கு எண்ணை வைத்துப் பெயர்களை அவரே உட்கார்ந்து அடித்தார், இரண்டு மணி நேரம் ஆனது.

மெயிலில் கிடைத்த சிஎஸ்வியை எக்செலுக்குள் கொண்டுவந்த முறை: காலி ஃபைல் ஒன்றைத் திறந்து, Data, அதில் From Text/CSV. முன்னோட்டத்தில் Transform Data போய், கணக்கு எண் பத்தியின் வகையை Text என்று மாற்றினேன். கேட்டால் Replace current கொடுக்க வேண்டும். பெயர் à® என்று வருகிற ஃபைலாக இருந்தால் அதே முன்னோட்டத்தில் File Origin என்ற இடத்தில் 65001: Unicode (UTF-8) என்று மாற்றினால் தமிழ் தெரியும். உள்ளே வந்ததும் உடனே .xlsx ஆகச் சேவ் செய்துவிட்டுத்தான் மற்ற வேலை.

இனி ஃபார்முலா. சிஎஸ்வியில் விடை மட்டும்தான் இருக்கிறது, விடையிலிருந்து கணக்கைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு வரியைப் பாருங்கள். தோத்தாபுரி, மொத்த எடை 1260 கிலோ, நிகர எடை 1210, விலை 18, தொகை 21773, கமிஷன் 1742, ஏற்று இறக்கு கூலி 504, பட்டுவாடா 19527.

1210-ஐ 18-ஆல் பெருக்கினால் 21780 வருகிறது, ஏழு ரூபாய் இடிக்கிறது. காரணம், சிஎஸ்விக்குப் போவது திரையில் தெரிந்த முழுமையாக்கிய எண். உள்ளே இருந்த தசமம் போய்விட்டது. அதனால் பெரிய எண்ணிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். 21773-ஐ 18-ஆல் வகுத்தால் 1209.61. அதை 1260-ஆல் வகுத்தால் 0.96. ஆக, கழிவு நூற்றுக்கு நாலு, உண்மையான நிகர எடை 1209.6. அதேபோல 1742-ஐ 21773-ஆல் வகுத்தால் 0.08, கமிஷன் எட்டு சதவீதம். 504-ஐ 1260-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 40 பைசா கூலி.

ஒரு வரியை நம்பி எல்லாவற்றுக்கும் ஃபார்முலாவை இழுத்துவிடக் கூடாது. ஓரத்தில் ஒரு காலிப் பத்தியில் கழிவு போக மிஞ்சும் விகிதத்தை எல்லா வரிக்கும் போட்டேன். D மொத்த எடை, F விலை, G தொகை:

```
=G2/F2/D2
```

அந்தப் பத்தியை வரிசைப்படுத்தினால் பெரும்பாலும் 0.96, ஒரு கொத்து மட்டும் 0.94. அந்தக் கொத்து முழுக்கச் செந்தூரா. "ஆமாண்ணா, ரகத்துக்கு ரகம் கழிவு வேற, இன்னொரு ஷீட்டுல இருந்துச்சு" என்றார் அப்போதுதான். சிஎஸ்வி ஒரு ஷீட்டைத்தான் எடுத்துக்கொள்ளும் என்பதால் அந்த அட்டவணை போயே போய்விட்டது. Rates என்று புதிய ஷீட்டில் ஐந்து ரகத்தையும் கழிவையும் எழுதி, நிகர எடைக்கு இதைக் கொடுத்தேன்:

```
=D2*(1-VLOOKUP(C2,Rates!$A$2:$B$6,2,FALSE))
```

தொகை, கமிஷன், கூலி, பட்டுவாடா நான்கும் நேரான கணக்குதான், கால் மணி நேரத்தில் முடிந்தது.

நிறம்தான் பேச்சுக்கு இடம் கொடுத்தது. காசு கொடுத்தாகிவிட்ட வரிகளுக்கு முதலாளி பச்சை அடித்து வைத்திருந்தாராம். நிறத்தில் எழுதிய தகவலை எந்த எழுத்து ஃபைலும் சுமக்காது, எந்த ஃபார்முலாவாலும் கண்டுபிடிக்கவும் முடியாது. வங்கி ஸ்டேட்மென்டை வைத்துத்தான் அவற்றைத் திரும்பக் குறித்தோம். இப்போது "கொடுத்தது" என்று தனிப் பத்தி போட்டு அதில் தேதி எழுதச் சொல்லியிருக்கிறேன். பச்சையும் அடிக்கிறார், வேண்டாம் என்று சொல்லவில்லை. இனி ஆடிட்டர் கேட்டால், ஷீட் பெயரில் வலது கிளிக் செய்து Move or Copy போய், Create a copy டிக் செய்து, new book என்று தனி ஃபைலாக்கி, அதைத்தான் சிஎஸ்வி ஆக்கி அனுப்ப வேண்டும் என்றும் செய்து காட்டினேன்.

கடைசியாகச் சரிபார்ப்பு. சிஎஸ்வியில் வந்த பழைய பட்டுவாடாத் தொகையை M பத்தியில் எண்ணாக ஒட்டி வைத்திருந்தேன். புதிய ஃபார்முலா J பத்தியில் இருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும்:

```
=ROUND(J2,0)-M2
```

எல்லாம் பூஜ்யம் வர வேண்டும். 412 வரியில் 410-க்கு வந்தது. ஒன்றில் -360, இன்னொன்றில் -260. எடையைப் பார்த்தால் 900 கிலோ, 650 கிலோ. கிலோவுக்கு 40 பைசா என்றால் அப்படியே கூலித் தொகை. "அவங்க ரெண்டு பேரும் சொந்த ஆள வெச்சு இறக்குவாங்கண்ணா, கூலி பிடிக்கறதில்ல" என்றார். அந்த இரண்டு வரியில் மட்டும் கூலிக் கட்டத்தில் பூஜ்யத்தைக் கையால் அடித்துவிட்டு, மீதி லோடை ஏற்றச் சொல்லிக் கிளம்பினேன்.