பாக்கெட் உப்பியிருப்பதைப் பார்க்காதீர்கள், கிராமைப் பாருங்கள்

போன வாரம் தண்டையார்பேட்டையிலிருந்து ஓர் அம்மா இரண்டு கம்பெனி சிப்ஸ் பாக்கெட்டுகளோடு வந்தார். பெரியது தலையணை மாதிரி உப்பியிருந்தது. "பாதிக்கு மேல காத்துதான் சார். காத்தையும் சேத்து எடை போட்டு விக்கிறான். கேஸ் போடுங்க" என்றார். இதே புகார் இந்த மாதத்தில் நான்காவது முறை.

முத்திரை ஆய்வாளராக இதை எத்தனை தடவைதான் சொல்வது? காற்றை யாரும் எடை போட்டு விற்கவில்லை. உள்ளே இருப்பது நைட்ரஜன். சிப்ஸ் நொறுங்காமல், எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் இருக்க அடைக்கிறார்கள். வெளிக்காற்றும் ஏறக்குறைய அதே கனம் என்பதால் அது தராசில் எடையாகவே தெரியாது. நிகர எடை என்று அச்சிட்டிருப்பது கவரையும் கழித்த, தின்பண்டத்தின் எடை மட்டுமே.

அவர் எதிரிலேயே இரண்டையும் பிரித்துத் தட்டில் கொட்டி நிறுத்தேன். பெரியதில் 104 கிராம் என்று போட்டிருந்தது, 103 இருந்தது. சிறியதில் போட்டிருந்த 48 அப்படியே இருந்தது. ஒரு கிராம் குறைவு விதி அனுமதிக்கும் வித்தியாசத்துக்குள்தான். கேஸ் இல்லை.

ஆனாலும் அந்த அம்மாவுக்கு நஷ்டம்தான். பெரியது 50 ரூபாய், சிறியது 20 ரூபாய். விலையை கிராமால் வகுத்து நூறால் பெருக்கினால், நூறு கிராம் பெரியதில் சுமார் 48 ரூபாய், சிறியதில் 41 ரூபாய் 67 காசு. நூறு ரூபாய்க்குப் பெரியது இரண்டு வாங்கினால் 208 கிராம், சிறியது ஐந்து வாங்கினால் 240 கிராம். 32 கிராம் போச்சு. 'பெரிய பாக்கெட்தானே லாபம்?' என்று கேட்டார். எப்போதும் இல்லை அம்மா!

இந்தக் கணக்கைக்கூட நீங்கள் போட வேண்டியதில்லை. எம்.ஆர்.பி.யோடு ஒரு கிராமின் விலையும் அச்சிட வேண்டும் என்பது விதி. அந்த இரண்டிலும் 0.48, 0.42 என்று பொடி எழுத்தில் இருந்தது. நூறால் பெருக்கினால் போதும். கண்ணாடி போட்டுக்கொண்டாவது படியுங்கள். போன வருஷம் பார்த்த நினைவில் வாங்காதீர்கள். பத்து ரூபாய், இருபது ரூபாய் பாக்கெட்டில் விலை ஏறாது, கிராம்தான் குறையும். சிப்ஸை சிப்ஸோடு மட்டும் ஒப்பிடுங்கள், மிக்சரோடு வேண்டாம்.

எடை குறைவென்று நிஜமாகவே சந்தேகமா? தயவுசெய்து பிரிக்காதீர்கள். பாதி தின்றுவிட்டுக் கொண்டுவந்தால் என்னால் எதை நிறுக்க முடியும்? கடையில் பிரிக்காமல் வைத்து 48 காட்டுகிறது என்று நிம்மதியடையவும் வேண்டாம். அதில் கவரின் மூன்று நான்கு கிராமும் இருக்கிறது. பேட்ச் எண் தெரிய ஒரு போட்டோ எடுத்து, பில்லோடு வைத்துக்கொண்டு 1915-க்குப் போன் செய்யுங்கள்.