ஆட்டோ டெபிட் படிவத்தில் வங்கியின் கணினி எதைப் பார்க்கிறது?

கடன் வாங்கும்போது கையெழுத்துக்காக நீட்டப்படும் காகிதக் கட்டில் ஒரே ஒரு பக்கப் படிவம் ஒன்று இருக்கும். நாச் மேண்டேட் என்பார்கள். மாதத் தவணையை உங்கள் கணக்கிலிருந்து கடன் நிறுவனம் தானாக எடுத்துக்கொள்ள நீங்கள் தரும் அனுமதி அது. மற்ற காகிதங்களைப் படிக்கிறவர்கள்கூட இதைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை, தவணைத் தொகைதான் ஒப்பந்தத்தில் இருக்கிறதே என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் உங்கள் வங்கி அந்தக் கடன் ஒப்பந்தத்தைப் பார்ப்பதே இல்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் இந்தப் பக்கம்தான்.

பணம் எந்த வழியில் போகிறது என்று தெரிந்தால் இது புரிந்துவிடும். நீங்கள் கையெழுத்திட்ட படிவத்தைக் கடன் நிறுவனம் தன் வங்கியிடம் தருகிறது. அந்த வங்கி அதை ஸ்கேன் செய்து, விவரங்களைத் தட்டச்சு செய்து, தேசிய பரிவர்த்தனைக் கழகமான என்பிசிஐ வழியாக உங்கள் வங்கிக்கு அனுப்புகிறது. உங்கள் வங்கி, கணக்கு எண்ணையும் கையெழுத்தையும் ஒப்பிட்டு ஏற்கிறது அல்லது திருப்புகிறது. ஏற்றுக்கொண்ட மேண்டேட்டுக்கு யுஎம்ஆர்என் என்ற 20 இலக்க அடையாளம் உண்டு. அதன் பிறகு தவணை நாளில் வருவது ஒரு கோப்பு மட்டும்: இந்த யுஎம்ஆர்என், இவ்வளவு தொகை. மேண்டேட் உயிரோடு இருக்கிறதா, தொகை அனுமதித்த வரம்புக்குள் இருக்கிறதா, கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கணினி பணத்தை அனுப்பிவிடும். உண்மையான தவணை எவ்வளவு என்ற கேள்வியே அதற்கு எழாது.

ஒரு கடனை வைத்துப் பார்ப்போம். 3 லட்சம் ரூபாய், ஆண்டுக்கு 12 சதவீத நிலையான வட்டி, 36 மாதம். தவணை 9,964 ரூபாய் வரும். முதல் தவணை 2026 மே 5, கடைசித் தவணை 2029 ஏப்ரல் 5. இந்தக் கடனுக்கு நிறுவனம் நிரப்பித் தந்த படிவத்தில் தொகை 50,000, ‘மேக்சிமம் அமவுண்ட்’ என்ற கட்டத்தில் டிக், கால இடைவெளியில் ‘ஆஸ் அண்ட் வென் பிரசன்டட்’, முடியும் தேதி 2050 என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இதன் பொருள், 2050 வரை, எப்போது கேட்டாலும், ஒரு முறைக்கு 50,000 வரை எடுக்கலாம் என்பது. 9,964 என்ற எண்ணே இதில் எங்கும் இல்லை.

நிறுவனங்கள் இப்படிக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ‘ஃபிக்ஸ்டு அமவுண்ட்’ என்று டிக் செய்து 9,964 எழுதினால், அந்தத் தொகை மட்டுமே செல்லும். பைசாக்களை முழு ரூபாயாக்குவதால் கடைசித் தவணை பெரும்பாலும் சில ரூபாய் மாறும், அப்போது அது திரும்பிவிடக்கூடும். அதனால் மேக்சிமம் என்பதில் தவறில்லை. எவ்வளவு மேக்சிமம் என்பதுதான் கேள்வி. ஒரு தவணை தவறினால் அடுத்ததோடு சேர்த்து எடுக்க வேண்டும் என்பார்கள். அதற்கு இரண்டு தவணை, அதாவது 20,000 போதும். நிலையான வட்டிக் கடனுக்கு அதற்கு மேல் கேட்டால் காரணம் கேளுங்கள், சரியான பதில் இல்லையென்றால் படிவத்தை மாற்றச் சொல்லுங்கள். வீட்டுக் கடன் மாதிரி வட்டி மாறும் கடனில் தவணை உயரலாம் என்பதால் கொஞ்சம் இடம் விடுவது நியாயம்.

எது எப்படியோ, தொகைக் கட்டம் காலியாக இருக்கும் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். “நாங்க அப்புறம் நிரப்பிக்கிறோம் சார்” என்று சொல்பவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் நிரப்பப்போவது அவராகத்தான் இருக்கும் என்று உறுதியில்லை. எண்ணிலும் எழுத்திலும் தொகை ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். வேறுபட்டால் படிவம் திரும்பும்.

கால இடைவெளிக்கு வருவோம். மாதத் தவணைக்கு ‘மன்த்லி’ என்பதே பொருத்தம். ‘ஆஸ் அண்ட் வென்’ என்று இருந்தால் ஒரே மாதத்தில் இரண்டாவது முறை பணம் எடுக்க வந்தாலும் அதுவும் உங்கள் அனுமதிக்குள் அடங்கிவிடும். தவணை திரும்பிய மாதத்தில் மறுபடி முயல வசதி வேண்டும் என்பதற்காகவே பல நிறுவனங்கள் இதை அச்சிட்டே தருகின்றன. அதில் உங்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: கணக்கில் பணமில்லாமல் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் உங்கள் வங்கி தனித்தனியாகக் கட்டணம் பிடிக்கலாம். நிறுவனம் மாற்றச் சம்மதிக்கவில்லை என்றால், தொகை வரம்பையாவது இறுக்கிப் பிடியுங்கள். இரண்டையும் தளரவிடுவதுதான் ஆபத்து.

முடியும் தேதியில் இரண்டு பக்கமும் தவறலாம். நம் உதாரணத்தில் 36 மாதம் என்று கணக்குப் போட்டு 2029 மார்ச் 31 என்று எழுதிவிட்டால், ஏப்ரல் 5 தவணைக்கு அனுமதியே இருக்காது. கணக்கில் பணம் இருந்தும் தவணை தவறியதாகப் பதிவாகும். மறுபக்கம், படிவங்களின் அடியில் அதிகபட்சம் 40 ஆண்டு என்று அச்சிட்டிருப்பதால், மூன்று வருடக் கடனுக்கும் அந்த எல்லை வரை நீட்டி எழுதுகிறவர்கள் உண்டு. கடைசித் தவணைக்குப் பிறகு இரண்டு மூன்று மாதம், அதாவது 2029 ஜூன் 30 என்றால் இந்தக் கடனுக்குச் சரி. வட்டி மாறும் வீட்டுக் கடனில் மட்டும் கணக்கு வேறு. வட்டி ஏறும்போது தவணையை உயர்த்தாமல் காலத்தை நீட்டுவதும் உண்டு, அதனால் அங்கே சில ஆண்டுகள் கூடுதலாக விட வேண்டியிருக்கும்.

கணக்கு விவரங்களில் நினைவிலிருந்து எதையும் எழுத வேண்டாம், பாஸ்புக்கைப் பார்த்து எழுதுங்கள். கணக்கு எண் பூஜ்ஜியத்தில் தொடங்கினால் அந்தப் பூஜ்ஜியங்களும் எண்ணின் பகுதிதான். ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் 11 இலக்கம் இருக்கும். முதல் நான்கு வங்கியைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகள், ஐந்தாவது எப்போதும் பூஜ்ஜியம். அங்கே ‘ஓ’ எழுத்தை எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. 2020-இல் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும் லட்சுமி விலாஸ் வங்கி டிபிஎஸ் வங்கியோடும் இணைந்தன. அந்த மாதிரி வங்கிகளின் பழைய செக் புத்தகத்தில் இருக்கும் குறியீடு இப்போது செல்லாது. கூட்டுக் கணக்கு என்றால், இருவரும் சேர்ந்துதான் பணம் எடுக்க முடியும் என்ற ஏற்பாட்டில் இருவர் கையெழுத்தும் வேண்டும். கையெழுத்து, வங்கியில் கணக்கு தொடங்கியபோது போட்ட மாதிரி இருக்க வேண்டும், பத்து வருடத்தில் கையெழுத்து மாறிப்போனவர்கள் முதலில் வங்கியில் அதைப் புதுப்பித்துக்கொள்வது நல்லது.

படிவத்தைக் கொடுப்பதற்கு முன் ஒரு படம் எடுத்து வையுங்கள். ஏனென்றால் கணினி படிப்பது உங்கள் கையெழுத்துப் பிரதியை அல்ல, யாரோ பார்த்துத் தட்டச்சு செய்த விவரங்களை. 20,000 அங்கே 2,00,000 ஆகியிருக்கலாம். மேண்டேட் பதிவானதும் பல வங்கிகள் குறுஞ்செய்தி அனுப்புகின்றன. நெட் பேங்கிங்கில் மேண்டேட் பட்டியல் இருந்தால், தொகை, இடைவெளி, முடியும் தேதி மூன்றையும் படத்தோடு ஒப்பிடுங்கள். இல்லையென்றால் கிளையில் கேட்டுப் பாருங்கள். பதிவாகும் முன்பே முதல் தவணை நாள் வந்துவிட்டால் அந்த ஒன்றை நீங்களே செலுத்திவிடுங்கள்.

கடனை முன்கூட்டியே அடைத்துவிட்டாலும் மேண்டேட் தானாகச் சாகாது. முடியும் தேதி வரை அது வங்கியில் இருக்கும். அதனால் கடன் தீர்ந்ததற்கான சான்றிதழ் வாங்கும்போதே, யுஎம்ஆர்என்னைக் குறிப்பிட்டு ரத்து செய்யச் சொல்லி நிறுவனத்திடம் எழுதிக் கொடுங்கள். அவர்கள் தாமதித்தால் அதே எண்ணோடு உங்கள் வங்கியிலும் ரத்து கேட்கலாம்.