உதவிக்கு ஆளில்லாத வீட்டில் தோளும் முதுகும் அளப்பது

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் என் தையல் கடையும் மூடிக் கிடந்தது. அளவுகள் வாட்ஸ்அப்பில் வர ஆரம்பித்தது அப்போதுதான். கட்டுப்பாடு போயும் அந்தப் பழக்கம் போகவில்லை. மார்பு, இடுப்பு அளவுகளைப் பெரும்பாலும் சரியாகவே அனுப்புகிறார்கள். டேப்பை முன்பக்கம் கொண்டுவந்து கண்ணால் பார்த்துப் படிக்கலாம் என்பதால் அதில் சிரமமில்லை. தப்பாக வருவது தோள் அகலமும், பின்கழுத்திலிருந்து இடுப்பு வரையிலான முதுகு நீளமும். இரண்டுமே கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் இருக்கின்றன. எடுக்கும்போது நாம் செய்யும் அசைவே அளவை மாற்றியும் விடுகிறது.

செத்தாப்பாக்கில் அறை எடுத்துத் தனியாக இருக்கும் ஒரு பெண், அக்காவின் நிச்சயதார்த்தத்துக்கு லேஸ் கெபாயா தைக்கச் சொன்னார். தோள் 13¼ இஞ்ச், முதுகு நீளம் 16½ இஞ்ச் என்று எழுதி அனுப்பினார். உயரமில்லாத பெண், முதுகு மட்டும் இவ்வளவு நீளமா என்று எனக்கே ஒரு நெருடல். கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் கத்தரி வைத்தது என் தப்பு.

போட்டுப் பார்க்க வந்தார். கை மூட்டிய தையல் தோள் எலும்பைத் தாண்டிக் கழுத்துப் பக்கம் ஏறி நின்றது. கையை முன்னால் நீட்டினால் முதுகில் இழுத்துப் பிடித்தது. இடுப்புக்கு மேலே துணி குறுக்காக ஒரு மடிப்பாகத் தொங்கியது. முதல் இரண்டும் தோள் அளவு குறைந்ததற்கு அடையாளம். மூன்றாவது, முதுகு நீளம் கூடிப்போனதற்கு. நான் அளந்தபோது தோள் 14½, முதுகு 15¼.

"எப்படிம்மா எடுத்தீங்க?"

"கண்ணாடி முன்னாடி நின்னு, பார்த்துப் பார்த்துத்தான் எடுத்தேன் அக்கா."

செய்து காட்டச் சொன்னேன். டேப்பைக் கழுத்துக்குப் பின்னால் போட்டு, இரண்டு கைகளாலும் இரண்டு தோளிலும் பிடித்தார். அவ்வளவுதான், விஷயம் புரிந்துவிட்டது. கை மேலே போனதுமே தோள்கள் காதுப் பக்கம் ஏறின. தோள் முனைகள் ஒன்றையொன்று நெருங்கின. 1¼ இஞ்ச் அங்கேயே காணாமல் போனது. அடுத்து முதுகு நீளத்துக்குத் தலையைக் குனிந்து டேப்பைத் தேடினார். குனிந்தால் பின்கழுத்து நீளும், அளவும் கூடும். அது போதாதென்று, ஜீன்ஸ் பட்டை இருக்கும் இடத்தைத்தான் இடுப்பு என்று வைத்திருந்தார். அது உண்மையான இடுப்பு மடிப்புக்குக் கீழே இருக்கும்.

ஆகவே டேப்பைத் தொடுவதற்கு முன்னால் மூன்று இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, உடம்போடு ஒட்டிய மெல்லிய பனியன் போட்டுக்கொண்டால் போதும். பெயிண்ட் அடிப்பவர்கள் ஒட்டும் காகித டேப் ஒரு ரோல் வேண்டும். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும்.

முதலாவது பின்கழுத்து எலும்பு. தலையைக் குனிந்து கழுத்தின் அடியில் தடவினால் ஒரு எலும்பு துருத்திக்கொண்டிருக்கும். சிலருக்கு இரண்டு தட்டுப்படும். அப்போது விரலை வைத்தபடியே தலையை மெல்லப் பின்னால் சாயுங்கள். மேலே உள்ளது விரலடியில் நழுவி உள்ளே போகும், கீழே உள்ளது அப்படியே நிற்கும். நமக்கு வேண்டியது நிற்பது. தலையை நேராக்கிய பிறகு அதன்மேல் காகித டேப் ஒட்டுங்கள்.

இரண்டாவது தோள் முனை. கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கினால் தோள் மேல் ஒரு குழி விழும். அதையொட்டி, மெத்தென்ற சதை முடிந்து கெட்டியான எலும்பு விளிம்பு தொடங்கும் இடம்தான் முனை. குறியை ஒட்டுவது கையைத் தொங்கவிட்ட பிறகு. தூக்கிய கையில் ஒட்டினால், கை இறங்கும்போது தோலும் பனியனும் நகர்ந்து குறி இடம் மாறிவிடும். பனியனின் கைத் தையலை முனை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இப்போதைய டீ-சட்டைகளில் அந்தத் தையல் பாதிக் கை வரை இறங்கிக் கிடக்கிறது.

மூன்றாவது இடுப்பு. ஒரு எலாஸ்டிக் நாடாவை வயிற்றைச் சுற்றி, இறுக்காமல் கட்டுங்கள். இடம் வலமாக நாலைந்து முறை சாய்ந்தால் அது தானாகவே மடிப்பில் போய் உட்காரும். பக்கவாட்டில் திரும்பிக் கண்ணாடியில் பாருங்கள், முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும்.

இனி தோள். ஒரே இழுப்பில் எடுக்க வேண்டாம், பாதி பாதியாக எடுங்கள். அளவு டேப்பின் நுனி பின்கழுத்துக் குறியின் மேல் வரும்படி காகித டேப்பால் ஒட்டுங்கள். வலது கையைத் தொங்கவிட்டு, இடது கையால் டேப்பை வலது தோள் முனைக்குக் கொண்டுவந்து, முனையில் நகத்தால் அழுத்திப் பிடித்து எடுத்துப் படியுங்கள். இடது தோள் முன்னால் வரும்தான், வரட்டும். நாம் அளக்கும் பக்கம் அசையாமல் இருந்தால் போதும். பிறகு கையை மாற்றி மறுபக்கம். இரண்டையும் கூட்டினால் தோள் அகலம். அந்தப் பெண்ணுக்கு இரண்டு பக்கமும் 7¼ வந்தது. உங்களுக்கு வலமும் இடமும் கொஞ்சம் வேறுபட்டால் பயப்பட வேண்டாம், இரண்டு எண்ணையும் தனித்தனியாக எழுதி அனுப்புங்கள்.

இதில் ஒரு சிறு சிக்கல் உண்டு. பின்கழுத்து எலும்பு தோள் முனைகளைவிட உயரத்தில் இருப்பதால் டேப் மேலே ஏறி இறங்குகிறது. முனைக்கு முனை நேராக எடுக்கும் அளவைவிட இது கால் இஞ்ச் போலக் கூடலாம். எனவே "பின்கழுத்து எலும்பு வழியாக எடுத்தது" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், மீதியைத் தையல்காரர் பார்த்துக்கொள்வார்.

முதுகு நீளத்துக்குக் கையே வேண்டாம். டேப்பின் நுனி அதே இடத்தில் ஒட்டியபடி இருக்கட்டும். டேப்பில் இடுப்புக்குச் சற்றுக் கீழே வரும் இடத்தில் துணி மாட்டும் கிளிப் ஒன்றை மாட்டி, முதுகோடு தொங்கவிட்டு, எலாஸ்டிக்குக்கு அடியில் செருகுங்கள். கைபேசியை அலமாரியில் இடுப்பு உயரத்துக்குச் சாய்த்து வைத்து, கேமராவில் 10 வினாடி டைமர் போட்டு, திரும்பி நின்று எதிர்ச் சுவரைப் பாருங்கள். படம் எடுத்ததும் பெரிதாக்கி, எலாஸ்டிக்கின் மேல் விளிம்பில் எந்த எண் நிற்கிறது என்று படியுங்கள். படத்தை வைத்து உடம்பை அளக்க முடியாது, டேப்பில் உள்ள எண்ணைப் படிக்க மட்டும்தான் அது. கைபேசி கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தால் எண் கூடவோ குறையவோ மாறித் தெரியும், அதனால்தான் இடுப்பு உயரம்.

ஒவ்வொன்றையும் மூன்று முறை எடுங்கள். கால் இஞ்சுக்குள் ஆடினால் நடுவில் உள்ளதை வைத்துக்கொள்ளலாம். அரை இஞ்சுக்கு மேல் ஆடினால் ஏதோ ஒரு குறி நகர்ந்திருக்கிறது, மறுபடி ஒட்டுங்கள். பழைய துணி டேப்பாக இருந்தால் முதலில் ஒரு 30 சென்டிமீட்டர் ஸ்கேலோடு வைத்துப் பாருங்கள், நாளாக நாளாக இழுபட்டிருக்கும்.

கெபாயா, பாஜு குரோங் தைக்கக் கொடுப்பவர்களுக்கு இன்னொன்று. அளவுத் தாளில் 'லாபோ' என்று இருப்பது உடையின் முழு நீளம். முதுகு நீளம் கேட்ட இடத்தில் அதை எழுதி 38 இஞ்ச் என்று அனுப்பியவர்களும் உண்டு. அதை உடனே கண்டுபிடித்துவிடலாம். 16½ மாதிரி நம்பும்படியாக வரும் தப்புதான் துணியைக் கெடுக்கிறது.

முதுகு கூனியிருப்பவர்கள், ஒரு தோள் நன்றாகவே இறங்கியிருப்பவர்கள் இப்படித் தனியாக எடுக்க வேண்டாம், கடைக்கே வந்துவிடுங்கள். அந்தக் கெபாயாவின் பின்பக்கத்தை மிச்ச லேஸில் புதிதாக வெட்டிக் கொடுத்தேன். பூ வேலை நடுவில் பொருந்தவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் நிச்சயதார்த்தப் படங்களில் முடியை விரித்துவிட்டிருந்தார்.