ஆடியோ டிஸ்கிரிப்ஷன்: வர்ணனையா, விவரணையா, காட்சியுரையா?

ஒரு வீடியோவில் கண்ணுக்கு மட்டும் தெரிவதை, பார்வையற்றவர்களுக்காக அதில் வரும் பேச்சுகளுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில் சொல்லிச் செல்லும் குரலுக்குத்தான் ஆடியோ டிஸ்கிரிப்ஷன் என்று பெயர். இந்த முறையை 1975இல் சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தன் முதுகலை ஆய்வேட்டில் வகுத்துக் காட்டியவர் கிரிகரி ஃபிரேசியர். 1981இல் வாஷிங்டனின் அரீனா ஸ்டேஜ் அரங்கில் நாடகங்களுக்கு இது நடைமுறைக்கு வந்தது.

லத்தீனில் 'ஆடியோ' என்றால் 'கேட்கிறேன்'. 'டிஸ்கிரிப்ஷன்' என்பதன் வேரில் இருப்பது 'எழுது' என்னும் வினை. பார்த்ததை எழுதி வைப்பது அதன் பழைய பொருள்.

தமிழில் பலருக்கும் முதலில் வாயில் வரும் சொல் வர்ணனை. வானொலியில் கிரிக்கெட் கேட்டு வளர்ந்த காது அப்படித்தான் சொல்லும். ஆனால் அதன் வேர் வர்ணம். நிறம் பூசுவது இந்த வேலைக்கு ஆகாது. 'அழகிய குடுவை', 'வியப்பூட்டும் மாற்றம்' என்றெல்லாம் சொல்வது கேட்பவரின் முடிவை நாமே எடுத்துக்கொள்வது. விவரணை பரவாயில்லை. வடமொழியில் அதற்கு மூடியதைத் திறப்பது என்று பொருள். 'காட்சி விளக்கம்' வேண்டாம் என்பேன். விளக்குவது ஆசிரியரின் வேலை.

என் தேர்வு காட்சியுரை. உரைத்தல் என்றால் சொல்லுதல். அதோடு, மூலநூலின் ஓர் எழுத்தையும் மாற்றாமல் பக்கத்தில் நின்று துணை செய்வதையும் நாம் உரை என்றே அழைக்கிறோம். ஏற்கெனவே எடுத்து முடித்த பாட வீடியோவுக்கு நாம் எழுதுவதும் அப்படிப்பட்டதுதான்.

ஓர் எடுத்துக்காட்டு. அமில, காரத் தரம்பார்த்தல் பற்றிய மூன்று நிமிட வீடியோ. கூம்புக் குடுவையில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும், காரம் மிகுந்தால் இளஞ்சிவப்பாகும் பினாப்தலீன் சில துளியும் இருக்கின்றன. மேலே பியூரெட்டில் சோடியம் ஹைட்ராக்சைடு. முதல் முறை திரையைப் பார்க்காமல் கேட்டேன். "இப்ப பாருங்க, மாறுதா?" என்கிறார் ஆசிரியர். பிறகு ஆறு வினாடி மௌனம். காதுக்கு எதுவுமே கிடைக்கவில்லை. இப்படித் தொலைந்துபோகும் இடங்களை நேரத்தோடு குறித்துக்கொள்வதுதான் காட்சியுரை எழுதுபவரின் முதல் வேலை. எல்லாக் காட்சியையும் சொல்லத் தேவையில்லை. ஆசிரியரின் சட்டை நிறம் பாடத்துக்கு வேண்டாம்.

அடுத்து இடைவெளியை அளக்க வேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. நிதானமாகப் படிக்க வினாடிக்கு ஒன்றரைச் சொல் என்று கணக்கு வைத்துக்கொள்கிறேன். ஆறு வினாடிக்கு ஒன்பது சொல். நான் எழுதியது: "பியூரெட்டிலிருந்து துளி விழுகிறது. குடுவையில் இளஞ்சிவப்பு தோன்றி, சுழற்றியதும் மறைகிறது." எட்டுச் சொல், மூச்சுவிடவும் இடமிருக்கிறது. 'அமிலம் இன்னும் மிச்சமிருக்கிறது' என்று சேர்க்கக் கை துறுதுறுத்தது. அதை மாணவரே ஊகிக்க வேண்டும் என்றுதான் ஆசிரியர் அங்கே மௌனமாக இருக்கிறார். பிறவியிலேயே பார்வையில்லாதவருக்கு நிறம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். தேர்வில் அவரிடமும் நிறத்தைத்தான் கேட்கிறார்கள்.

சிக்கல் கடைசியில் வந்தது. நிறம் நிலைத்ததும் பியூரெட் அளவு 18.4 மி.லி. என்று திரையில் எழுத்தாக வருகிறது. அதே நேரத்தில் ஆசிரியர் சமன்பாட்டைப் பேசிக்கொண்டிருக்கிறார். ஒரு வினாடிகூட இடைவெளி இல்லை. அவர் பேச்சின் மேல் நம் குரலை ஏற்றினால் இரண்டுமே புரியாது. முந்தைய மௌனத்தில் சொல்லிவிடலாமா என்றால், நிறம் நிலைக்கும் முன்பே விடை வெளியாகிவிடும். எனவே படத்தை அங்கே ஐந்து வினாடி உறையவைத்தேன்: "இளஞ்சிவப்பு மறையவில்லை. பியூரெட் அளவு, பதினெட்டுப் புள்ளி நான்கு." இதை நீட்டித்த காட்சியுரை எனலாம். இணைய அணுகல் நெறியான WCAG, சாதாரண வகையை AA நிலையிலும் இதை AAA நிலையிலும் வைக்கிறது. வீடியோவின் நீளம் மாறிவிடுவதால் பழைய வசனவரிகளின் நேரத்தையும் அதற்கேற்பத் தள்ள வேண்டும். இதை மறந்தால் உறைந்த இடத்துக்குப் பிறகு எல்லா வரிகளும் ஐந்து வினாடி முந்திக்கொண்டு வரும்.

பதிவுக்கு ஆசிரியரின் குரலோடு குழம்பாத வேறொரு குரல் நல்லது. கலந்து முடித்ததும் பார்வையற்ற மாணவர் ஒருவரிடம் கொடுத்து, "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு ஆமாம் என்பார். "எத்தனை மில்லி ஊத்தினாங்க? எப்ப நிறுத்தினாங்க?" என்று கேளுங்கள். இரண்டாவதில் தடுமாறினால், 'மறைகிறது', 'மறையவில்லை' என்ற இரண்டு சொற்களில் ஒன்று அவர் காதில் விழவில்லை. அந்த வரியை மெதுவாகத் திரும்பப் பதிவு செய்ய வேண்டியிருக்கும்.