கடல் தட்டையாகக் கிடக்கிற நாளில்தான் கயாக் கரைக்குத் திரும்பாது

ஓகஸ்ட் லீவில் பதுளையிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் ஹட்டனிலிருந்தும் வேன் பிடித்து நிலாவெளிக்கும் பாசிக்குடாவுக்கும் போகிறவர்கள் எங்களைப் போல கயாக் பழக்குகிறவர்களிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "கடல் அமைதியாத்தானே இருக்கு, எடுக்கலாம்தானே?" ஒவ்வொரு வருசமும் இதற்கு ஒரே பதிலைச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் ஒருமுறை முழுதாக எழுதி வைத்துவிடுகிறேன்.

கடல் ஏன் அமைதியாக இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியது அதைத்தான்.

மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று நமது மலையின் மேற்குச் சரிவில் மோதி, ஹட்டனையும் மஸ்கெலியாவையும் நனைத்துவிட்டு, மலை உச்சியைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்குகிறது. மழையை அந்தப் பக்கமே கொட்டிவிட்டதால் இறங்கும்போது வறண்டு சூடாகிவிடுகிறது. அப்புத்தளையில் ஜூலை மாதம் தொப்பியைப் பறித்துக்கொண்டு போகிற காற்று இதுதான். ஊவா சீசன் தேயிலைக்குத் தனி மணம் வருவதும் இந்தக் காற்றில் கொழுந்து வாடுவதால்தான். அதே காற்று இன்னும் கீழே இறங்கி கிழக்குக் கரைக்குப் போய்ச் சேரும்போது அங்குள்ளவர்கள் அதற்குக் கச்சான் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். (பஸ்ஸில் சுருளில் விற்கிற கச்சான் வேறு!)

கிழக்குக் கரையில் கச்சான் நிலத்திலிருந்து கடலுக்கு வீசுகிறது. அலை எழும்புவதற்குக் காற்று தண்ணீர் மேல் கொஞ்ச தூரமாவது ஓடியாக வேண்டும். கரையோரத்தில் அது அப்போதுதான் நிலத்தை விட்டு இறங்கியிருக்கும், ஓடுவதற்குத் தூரம் கிடைத்திருக்காது. அதனால்தான் கரையோரம் கண்ணாடி மாதிரி கிடக்கிறது. தென்னை மரங்களும் ஹோட்டல் கட்டடங்களும் மறைப்பதால் மணலில் நிற்கிற உங்களுக்குக் காற்றும் பெரிதாகத் தெரியாது. தூரத்தில் அலை உடைந்தாலும் அதன் முதுகைத்தான் பார்க்கிறீர்கள், வெள்ளை நுரை உங்களுக்கு மறுபக்கம் இருக்கிறது. தட்டையான கடல் காற்று இல்லை என்பதற்கு அடையாளமே இல்லை. இந்த மாதங்களில் கிழக்கில் அது பெரும்பாலும் காற்று உங்கள் முதுகுப் பக்கம் நிற்பதற்கான அடையாளம். இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும், மீதியை மறந்தாலும் பரவாயில்லை.

நம் ஆட்கள் இதில் ஏமாறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. காசல்ரீ, மவுசாக்கலை மாதிரி நீர்த்தேக்கத்தில் துடுப்புப் போட்டவருக்குக் காற்று தள்ளினால் என்ன ஆகும் என்று தெரியும்: அக்கரையில் போய் முட்டுவோம், கயாக்கை இழுத்துப் போட்டுவிட்டு ரோட்டைச் சுற்றி நடந்து வருவோம், கொஞ்ச நேரம் எல்லாரும் சிரிப்பார்கள். நிலாவெளியில் அக்கரை கிடையாது. காற்று தள்ளுகிற பக்கம் அந்தமான் வரைக்கும் தண்ணீர்தான்.

கணக்காகவே பார்ப்போம். நிலாவெளியில் காலை பத்து மணி, இருவர் உட்காருகிற கயாக், இரண்டு பேருமே புதியவர்கள். கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீற்றரில் புறாமலைத் தீவு கைக்கெட்டுகிற மாதிரி தெரிகிறது. முதுகில் மணிக்கு 15 கிலோமீற்றர் காற்று. துடுப்பு லேசாகப் போகிறது, "நமக்கு நல்லா வருதே" என்று ஒரு சந்தோஷம். பதினைந்து நிமிடத்தில் ஒன்றரைக் கிலோமீற்றருக்கு மேல் போய்விட்டார்கள். தீவும் பக்கவாட்டில் பின்தங்கிவிட்டது. இப்போது திரும்புகிறார்கள். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறியிருக்கிறது, மணிக்கு 28 கிலோமீற்றர், அதுவும் இப்போது முகத்தில் அடிக்கிறது. மரங்களின் மறைப்பும் இந்தத் தூரத்துக்கு வராது. பழகாத இருவர் முழு மூச்சாகப் போட்டால் மணிக்கு ஒன்றரைக் கிலோமீற்றர் முன்னேறலாம். கை வலிக்கிறதென்று நிறுத்தினால் மணிக்கு இரண்டு கிலோமீற்றர் வேகத்தில் பின்னால் போவார்கள். மூன்று நிமிடம் போட்டுவிட்டு ஒரு நிமிடம் ஓய்ந்தால், 75 மீற்றர் வந்து 33 மீற்றர் இழப்பு. மிச்சம் நான்கு நிமிடத்துக்கு 42 மீற்றர். கரை சேர இரண்டரை மணித்தியாலம் வேண்டும். புதியவரின் தோள் அரை மணித்தியாலத்தில் விட்டுவிடும். நான் வைத்த வேகங்கள் தோராயமானவை, ஆனால் உங்கள் பக்கம் சாய்த்துத்தான் வைத்திருக்கிறேன்.

மத்தியானத்துக்குப் பிறகு கடற்காற்று வந்து கரைக்குத் தள்ளிவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. கச்சான் பலமாக வீசுகிற நாளில் அது வராமலே போகலாம். அதை நம்பி இறங்காதீர்கள்.

சரி, போவதற்கு முன் எப்படித் தெரிந்துகொள்வது? தென்னோலை எந்தப் பக்கம் நீள்கிறது, ஹோட்டல் கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பாருங்கள். கடல் பக்கம் என்றால் பதில் கிடைத்துவிட்டது. போனில் காற்று செயலி பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: SW என்று காட்டினால் காற்று தென்மேற்கிலிருந்து வருகிறது என்று அர்த்தம், தென்மேற்குக்குப் போகிறது என்றல்ல. கிழக்குக் கரையில் SW, WSW, W மூன்றுமே உங்களை வெளியே தள்ளும். சராசரி வேகத்தை விட்டுவிட்டு Gusts என்று இருக்கிற எண்ணைப் பாருங்கள். கரைவலை இழுக்கிற ஐயா யாராவது நின்றால் "கச்சான் எப்படி?" என்று கேளுங்கள். செயலியை விட அவர் சரியாகச் சொல்வார், "வேணாம் தம்பி" என்றால் அத்தோடு முடிந்தது.

அப்படியும் இறங்கத்தான் வேண்டுமென்றால், தண்ணீர் இடுப்பளவுக்குள் இருக்கிற இடத்தில், கரைக்கு இணையாக மட்டும் போங்கள். பாசிக்குடா இதற்கு வசதியானது, ஆழம் மெல்ல மெல்லத்தான் கூடும். முப்பது மீற்றர் போனதும் துடுப்பை மடியில் வைத்துவிட்டு ஒரு நிமிடம் சும்மா இருங்கள். கரையில் ஒரு தென்னையையும் அதற்குப் பின்னால் ஒரு கூரையையும் நேர்கோட்டில் வைத்துப் பாருங்கள். கயாக் கடல் பக்கம் நழுவுவது தெரிந்தால் அந்த ஒரு நிமிடமே பாடம், திரும்புங்கள்.

இறங்குவதைப் பற்றி நீட்டத் தேவையில்லை. கச்சான் நாளில் இறங்குவது மிகச் சுலபம், அதுதானே சிக்கல். ஆனால் வாடகைக் கயாக்கை வாங்கியதும் ஒரு முனையைத் தூக்கிச் சாய்த்து காது கொடுத்துக் கேளுங்கள். உள்ளே "களக் களக்" என்றால் ஓட்டுக்குள் தண்ணீர் இருக்கிறது. பின்பக்கத்து வடிகால் மூடி இல்லை, அல்லது எங்கோ வெடிப்பு. அதை வாங்காதீர்கள், கடலில் அரை மணித்தியாலம் போனால் அது புரள்வதற்குச் சாக்குத் தேடும். முழங்கால் ஆழத்தில், கயாக்கின் மூக்கைக் கடலுக்கு நேராக வைத்து ஏறுங்கள். கயாக்குக்கும் கரைக்கும் நடுவில் நிற்க வேண்டாம், சின்ன அலைகூட அதைத் தூக்கி முழங்காலில் அடிக்கும். லைஃப் ஜெக்கட்டைப் போட்டுவிட்டு, பக்கத்தில் நிற்பவரிடம் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். நாடியைத் தாண்டி ஏறினால் வாரை இறுக்குங்கள். அதைக் கயாக்கின் பின்னால் கட்டி வைக்கிற பெரிய மனிதர்களுக்குச் சொல்ல என்னிடம் வார்த்தையில்லை.

இனிக் கவிழ்ந்தால். கரையில் வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் மேலே உட்காருகிற வகை. அதில் சிக்கிக்கொள்ள மாட்டீர்கள், தண்ணீரில் விழுவீர்கள், அவ்வளவுதான். விழுந்ததும் கயாக்கின் வாரைப் பிடியுங்கள். துடுப்பா கயாக்கா என்று வந்தால் துடுப்பை விடுங்கள். ஆளில்லாத கயாக்கைக் காற்று கொண்டு போகிற வேகத்துக்கு நல்ல நீச்சல்காரரும் ஈடு கொடுக்க முடியாது. "எனக்கு நீந்தத் தெரியும், விட்டுட்டுக் கரைக்கு வந்துடுவேன்" என்ற பேச்சே கூடாது. மகாவலியில் நீந்தியவருக்கும் இதுதான் பதில்.

காற்று வருகிற பக்கத்தில் இருங்கள், மறுபக்கம் நின்றால் கயாக் உங்கள் மேல் ஏறும். குப்புறக் கிடக்கிற ஓட்டின் நடுவில் நின்று, கையை அடியால் நீட்டி மறுவிளிம்புப் பிடியைப் பற்றி, உங்கள் பக்கமாக இழுத்துப் புரட்டுங்கள். நிமிர்ந்ததும் உடனே ஏறப் பாயாதீர்கள். எல்லோரும் தோற்பது இங்கேதான்: உடம்பு செங்குத்தாகத் தொங்க, கால் கயாக்குக்கு அடியில் போக, கையால் மட்டும் இழுப்பார்கள், கயாக் திரும்பவும் அவர்கள் மேலேயே கவிழும். முதலில் கால்களை உங்களுக்குப் பின்னால் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டு வாருங்கள், உடம்பு படுத்தவாக்கில் மிதக்கட்டும். ஒரு கை இந்த விளிம்பில், மறு கை அந்த விளிம்பில். வேகமாகக் காலடித்து, மேலே ஏறுவதாக நினைக்காமல் குறுக்கே வழுக்குவதாக நினைத்துப் போங்கள். வயிறு இருக்கையின் மேல் வந்ததும் நிறுத்தி மூச்சு வாங்குங்கள். பிறகு புரண்டு உட்காருங்கள், கால்கள் கடைசியாக உள்ளே வரட்டும். இரண்டு பேர் என்றால் ஒருவர் ஏறும்போது மற்றவர் எதிர்ப்பக்கத்தைப் பிடித்துத் தொங்க வேண்டும். முதலாமவர் ஏறியதும் இரண்டு காலையும் இருபுறம் தண்ணீரில் தொங்கவிட்டால் கயாக் ஆடாது, பிறகு இரண்டாமவர்.

இதை முதல்முறையாகக் கச்சானில் செய்து பார்க்கக் கூடாது. ஒரு தடவை ஏற ஐந்து நிமிடம் எடுத்தால் அதற்குள் நூறு மீற்றருக்கு மேல் போயிருப்பீர்கள். மார்பளவுத் தண்ணீரில், காற்றில்லாத நேரத்தில், பத்துத் தடவை விழுந்து ஏறிப் பழகுங்கள். பத்தாவது தடவை களைத்திருக்கும்போதும் ஏற முடிகிறதா என்பதுதான் சோதனை.

முன்னேற முடியவில்லை என்று தோன்றிய அந்த நிமிடமே உதவி கேளுங்கள், தோள் விட்ட பிறகு அல்ல. துடுப்பை நிமிர்த்தி ஆட்டுங்கள், விசில் ஊதுங்கள், 119க்கு அழையுங்கள். போன் தண்ணீர் புகாத உறையில் உடம்போடு கட்டியிருக்க வேண்டும். கயாக்கின் பெட்டிக்குள் இருந்தால் கவிழ்ந்ததும் அது கடலுக்குச் சொந்தம். உதவி வரும்வரை இருவரும் குனிந்து உட்கார்ந்து, கரையைப் பார்த்து மெதுவாகப் போட்டுக்கொண்டே இருங்கள். முன்னேறாவிட்டாலும் தள்ளப்படுவது குறையும். படகில் தேடி வருகிற மீனவருக்கு மஞ்சள் கயாக் தூரத்திலிருந்தே தெரியும். அலை நடுவில் தனியாக ஒரு தலை தெரியாது.

அப்பா அம்மாமாரிடம் ஒன்று கெஞ்சியே கேட்கிறேன். கச்சான் நாளில் பிள்ளையின் ரப்பர் வளையமோ பந்தோ காற்றில் நழுவிப் போனால், அதைப் பிடிக்கக் கயாக்கில் ஏறாதீர்கள், நீந்தியும் போகாதீர்கள். பிள்ளை அழட்டும், கடையில் வேறொன்று வாங்கிக் கொடுங்கள்.