என்.பி.எஸ் ஓய்வுப் பணம்: கையில் எவ்வளவு, மாதாமாதம் எவ்வளவு, அவருக்குப் பிறகு யாருக்கு?

டெல்லியில் மத்திய அரசு வேலையில் இருக்கும் தமிழர்களில், 2004 ஜனவரி 1 முதல் பணியில் சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராக 60 வயதைத் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள். இவர்களுக்குப் பழைய பென்ஷன் கிடையாது, தேசிய ஓய்வூதியத் திட்டமான என்.பி.எஸ்தான். 2025 ஏப்ரலில் வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்துக்கு மாறியவர்களுக்குக் கணக்கு வேறு. நான் சொல்லப்போவது என்.பி.எஸ்ஸிலேயே இருந்துவிட்டவர்களுக்கு.

விதி எளிது. ஓய்வு பெறும்போது கணக்கில் சேர்ந்திருக்கும் தொகையில் 60 சதவீதம் வரை கையில் வாங்கலாம், அதற்கு வரி இல்லை. குறைந்தது 40 சதவீதத்தை ஒரு ஆயுள் காப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்து ஆன்யூட்டி வாங்க வேண்டும். அந்த நிறுவனம் ஆயுள் முழுக்க மாதாமாதம் பென்ஷன் தரும். விரும்பினால் 40க்குப் பதில் 60, 80, ஏன் முழுத்தொகையையும் ஆன்யூட்டியில் போடலாம். தனியார் துறையில் இருப்பவர்களுக்கு 2025 டிசம்பரில் விதி தளர்ந்து, 80 சதவீதம் வரை கையில் வாங்கலாம் என்றாகிவிட்டது. ஆனால் அதுவரை சட்டத்தில் இருந்த வரிவிலக்கு 60 சதவீதத்துக்குத்தான். அதற்கு மேல் எடுப்பவர்கள் வரி ஆலோசகரிடம் கேட்டுவிட்டு எடுப்பது நல்லது.

எல்லோரும் மண்டையை உடைத்துக்கொள்வது "60ஐயும் எடுத்துவிடலாமா?" என்பதில்தான். எனக்கென்னவோ, அதைவிடப் பெரிய முடிவு ஆன்யூட்டி படிவத்தில் எந்த வகையைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில் இருக்கிறது. பழைய பென்ஷனில் ஊழியர் இறந்தால் குடும்ப பென்ஷன் தானாக வரும். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டு மாமிக்கு வருகிறதே, அதைப் பார்த்து நமக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம். ஓய்வுக்குப் பிறகு என்.பி.எஸ்ஸில் அப்படி எதுவும் தானாக வராது. உங்களுக்குப் பின் மனைவிக்கோ கணவருக்கோ பென்ஷன் உண்டா இல்லையா என்பதை நீங்கள் வாங்கும் ஆன்யூட்டி வகைதான் தீர்மானிக்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஓய்வு பெறுபவருக்கு 60 வயது, மனைவிக்கு 57. என்.பி.எஸ்ஸில் 50 லட்சம் இருக்கிறது. 30 லட்சம் கையில், 20 லட்சம் ஆன்யூட்டிக்கு. ஆன்யூட்டி விகிதம் நிறுவனத்துக்கு நிறுவனம், வயதுக்கு வயது மாறும். இங்கே நான் எடுத்துக்கொள்வது கணக்குக்கான எண்கள் மட்டுமே.

முதல் வகை, அவர் ஆயுளுக்கு மட்டும். அவர் இறந்ததும் எல்லாம் முடிந்தது, போட்ட பணமும் திரும்பாது. இதற்கு 8.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மாதம் சுமார் 14,170 ரூபாய். இரண்டாவது வகையில் அவருக்குப் பின் மனைவிக்கும் அதே தொகை ஆயுள் முழுக்க வரும், ஆனால் போட்ட பணம் திரும்பாது. 7.5 சதவீதம் என்றால் மாதம் 12,500. மூன்றாவதில் இருவருக்கும் ஆயுள் முழுக்க வந்து, இருவரின் காலத்துக்குப் பின் அந்த 20 லட்சம் வாரிசுக்குத் திரும்பும். 6.5 சதவீதம் என்றால் மாதம் 10,833.

விகிதப் பட்டியலைத் திறந்ததும் கண் நேராகப் பெரிய எண்ணில்தான் போய் நிற்கும். அதுதான் ஆபத்து. 14,170ஐத் தேர்ந்தெடுத்தவர் நான்கு வருடத்தில் போய்விட்டால், 61 வயது மனைவிக்கு அந்த 20 லட்சத்திலிருந்து ஒரு பைசா கிடையாது. மனைவிக்குத் தனியாகப் பென்ஷனோ சம்பளமோ இல்லாத வீட்டில் முதல் வகையைத் தொடவே கூடாது.

இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில்தான் உண்மையான யோசனை. வித்தியாசம் மாதம் 1,667, வருடத்துக்கு 20,000. இருவரில் ஒருவராவது 25 வருடம் இருந்தால் கூடுதலாக வருவது மொத்தம் 5 லட்சம். அதற்காக விட்டுக்கொடுப்பது 20 லட்சம். 25 வருடம் கழித்து அந்த 20 லட்சத்தின் மதிப்பு கரைந்திருக்கும் என்பது உண்மைதான், ஆனாலும் தம்பதிகளுக்கு இந்த ஒரு சதவீத வித்தியாசம் போதாது என்றே நினைக்கிறேன். துணை இல்லாதவர், பணம் விட்டுப் போக ஆள் இல்லாதவர் என்றால் கதையே வேறு. அவருக்குப் பணம் திரும்பும் வகைக்கும் திரும்பாத வகைக்கும் இடைவெளி இரண்டு சதவீதம் அளவுக்கு வரலாம். அவர் திரும்பாததை எடுப்பதே லாபம்.

சரி, இனி அந்த 30 லட்சம். 60 வயதானவர் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம். 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய், அதாவது மாதம் 20,500. ஆன்யூட்டியின் 10,833ஐச் சேர்த்தால் 31,333. ஐம்பது லட்சத்தையும் மூன்றாவது வகை ஆன்யூட்டியில் போட்டிருந்தால் 27,083தான். அப்படியானால் முழுதும் ஆன்யூட்டி வாங்குபவர் ஏமாளியா? இல்லை. சேமிப்புத் திட்டத்தின் வட்டி ஐந்து வருடத்துக்குத்தான் உறுதி. 2020 ஏப்ரலில் புதிதாகப் போட்டவர்களுக்கு அது ஒரே அடியாக 8.6லிருந்து 7.4 ஆனது. ஆன்யூட்டியில் வாங்கும் நாளின் விகிதம் கடைசிவரை மாறாது. மாறாது என்பது இன்னொரு பக்கமும் வெட்டும்: விலைவாசி வருடம் 5 சதவீதம் ஏறினால், 15 வருடத்தில் அந்த 10,833க்கு இன்றைய 5,200 ரூபாய்ச் சாமான்தான் வாங்க முடியும். பஞ்சப்படியெல்லாம் இதில் கிடையாது.

கையில் வரும் 30 லட்சத்துக்கு இன்னொரு ஆபத்து வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பையன் துவாரகாவில் ஃபிளாட் பார்த்து வைத்திருப்பான், முன்பணத்துக்கு "அப்பா, உங்க என்.பி.எஸ் வருதுல்ல" என்பான். மறுக்கவும் முடியாது. பணிக்கொடையும் விடுப்புச் சம்பளமும் ஏற்கெனவே வீட்டுக்கடனுக்கோ கல்யாணத்துக்கோ போய்விட்டதென்றால், 60 சதவீதத்தை முழுதாகக் கையில் வாங்குவதைவிட ஆன்யூட்டியை 60 ஆக்கிக்கொள்வது மேல். அந்தப் பணிக்கொடையைச் சேமிப்புத் திட்டத்தில் போட்டிருந்தால், 30 லட்ச வரம்பில் அதுவும் சேரும் என்பதை மறக்கவேண்டாம்.

உடனே முடிவெடுக்க முடியவில்லையா? பணத்தை என்.பி.எஸ்ஸிலேயே விட்டுவைத்துப் பிறகு எடுக்கலாம், அல்லது கையில் வாங்கும் பங்கைத் தவணை தவணையாக எடுக்கலாம். சந்தை ஏற்ற இறக்கம் மட்டும் கூடவே வரும்.

ஆன்யூட்டி பாலிசி கைக்கு வந்த பிறகு மனம் மாறினால், திருப்பித் தருவதற்கான அவகாசம் 30 நாள். அதற்குப் பிறகு வகையை மாற்ற முடியாது. அதனால் பாலிசி வந்த அன்றே மூன்று இடங்களைப் பாருங்கள்: வகையின் பெயர், மனைவியின் பெயரும் பிறந்த தேதியும், வாரிசு நியமனம். அப்புறம், மனைவி பெயரில் ஒரு வங்கிக் கணக்கு இருக்கட்டும், ஆதாரில் உள்ள அதே எழுத்துக்கூட்டலோடு. பென்ஷன் அவருக்கு மாறும் நாளில் இறப்புச் சான்றோடு நிறுவனம் கேட்கப்போவது அந்தக் கணக்கைத்தான்.